கர்ப்பகாலப் பரிசோதனைக்கு அலுவலக நேரத்தில் போய்வர அனுமதி கேட்டு எழுதும் கடிதம்

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை. 14 வாரக் கர்ப்பம். செக்கப்புக்கு அடிக்கடி இரண்டு மூன்று மணி நேரம் வெளியே போக வேண்டியிருக்கும். கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: மனிதவளப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். இந்தியச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பைத் தருகிறது. கர்ப்பத்தால் உண்டாகும் நோய்க்குச் சான்றின்பேரில் ஒரு மாதம் வரை தனி விடுப்பும் தருகிறது. ஆனால், வழக்கமான பரிசோதனைக்கு மணிக்கணக்கில் வெளியே போய்வரும் உரிமையை அது தனியாகச் சொல்லவில்லை. எனவே உங்கள் கடிதம் நிறுவனத்தின் பர்மிஷன் விதியைத்தான் நம்பியிருக்கிறது. சிக்கல் வருவதும் அங்கேதான்.

பல அலுவலகங்களில் மாதத்திற்கு இரண்டு பர்மிஷன்தான், அதுவும் இரண்டு மணி நேரத்திற்குள். அதைத் தாண்டினால் வருகைப்பதிவு மென்பொருள் தானாகவே அரைநாள் விடுப்பைக் கழித்துவிடும். "தேவைப்படும்போது அனுமதி தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் மேலாளர் உடனே சரி என்பார். அந்தச் "சரி" சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேராது.

ஆகவே எத்தனை முறை என்பதை எண்ணிக் காட்டுங்கள். பொதுவாக 28 வாரம் வரை மாதம் ஒரு முறையும், பிறகு 36 வாரம் வரை இரு வாரத்திற்கு ஒரு முறையும் வரச் சொல்வார்கள். 16, 20, 24, 28, 30, 32, 34, 36 என்று எழுதிப் பார்த்தால், 36ஆம் வாரம் வரை வேலை செய்தாலும் எட்டு முறைதான் வருகிறது. "அடிக்கடி" என்ற சொல்லைக் கேட்டு மலைக்கும் மேலாளர், எட்டு என்ற எண்ணுக்கு மலைக்க மாட்டார்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"மருத்துவர் குறித்துள்ள பிரசவத் தேதிச் சான்றையும் பரிசோதனை வார அட்டவணையையும் இணைத்துள்ளேன். அந்நாட்களில் காலை 9.30 முதல் 12.30 வரை வெளியே சென்றுவர அனுமதிக்குமாறும், அந்நேரத்தை மாதாந்திர பர்மிஷன் கணக்கிலோ விடுப்பிலோ சேர்க்காமல் பணிநேரமாகவே கருதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். சரியான தேதியை மூன்று நாட்களுக்கு முன்பே தெரிவிப்பேன்."

இரண்டு நாட்களை மட்டும் பிரித்து, அரைநாளாகக் கேளுங்கள். ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் வரும் குழந்தையின் உறுப்பு வளர்ச்சி ஸ்கேன். மற்றொன்று, 24 முதல் 28 வாரத்திற்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை; 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தே இரத்தம் எடுப்பார்கள் என்பதால், காத்திருக்கவே அனுமதி நேரம் தீர்ந்துவிடும்.

பரிசோதனை முடிவுகளைக் கடிதத்தில் எழுத வேண்டாம், நிறுவனத்திற்குத் தேவை தேதியும் நேரமும்தான் (மருத்துவக் கோப்பையே நகலெடுத்து இணைப்பவர்களும் உண்டு!). மேலாளருக்கு எழுதி மனிதவளப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள்; வாய்மொழியாகச் சம்மதித்தால், அன்றே ஒரு மின்னஞ்சலில் அதைக் குறிப்பிட்டு நன்றி சொல்லி, பதிவாக்கிக்கொள்ளுங்கள்.