விலை ஏறினால் அரிசி அதிகம் விற்குமா?

"அரிசி விலை ஏறினால் ஏழைகள் கூடுதலாக அரிசி வாங்குவார்கள் என்கிறார்களே, அது எப்படி?"

ஒரு ஆளின் மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் (எண்கள் உதாரணத்துக்கு). கையில் 88 யுவான். வயிறு நிறைய 60,000 கலோரி வேண்டும். அரிசி கிலோ 3 யுவான், 3,500 கலோரி. இறைச்சி கிலோ 20 யுவான், 2,000 கலோரி. 16 கிலோ அரிசியும் 2 கிலோ இறைச்சியும் வாங்கினால் சரியாக வரும்.

அரிசி 4 யுவான் ஆகட்டும். பழையபடி வாங்க 104 யுவான் வேண்டும், பணமில்லை. அரிசியைக் குறைத்தால் பட்டினி. ஆகவே இறைச்சி 1.1 கிலோவாகச் சுருங்கும். அந்தக் கலோரியை ஈடுகட்ட அரிசி 16.5 கிலோவாக ஏறும். விலை ஏறியும் கலோரிக்கு மலிவு அரிசிதான்.

பாடப்புத்தகங்கள் இதை 'கிஃபன் பண்டம்' என்கின்றன. பொருளியலாளர்கள் ஜென்சனும் மில்லரும் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மானியம் கொடுத்துச் சோதித்தார்கள் (ஆய்வு வெளியானது 2008). விலை குறைந்ததும் அரிசி உண்பது குறைந்தது. அங்கேயே கான்சு மாகாணத்தில் கோதுமைக்கு இவ்வளவு தெளிவான சான்று கிடைக்கவில்லை.

பரம ஏழைகளிடம் இது நடக்காது. வெறும் சோறே சாப்பிடுகிறவர் வெட்டுவதற்கு இறைச்சி ஏது? அவர் அரிசியைத்தான் குறைப்பார். மலிவான மாற்றுத் தானியம் கிடைத்தாலும் நடக்காது.