நிறுவனத்தில் கணக்கு மென்பொருளுக்கு மாறுவதற்கான முன்மொழிவை எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் கம்பெனியில் கணக்கெல்லாம் இன்னும் எக்செலில்தான். மென்பொருளுக்கு மாறலாம் என்று எம்.டி.க்கு ஒரு முன்மொழிவு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். செலவு, ஆட்களுக்குப் பயிற்சி, பழைய ஆட்களின் எதிர்ப்பு எல்லாவற்றையும் எப்படி எழுதினால் ஒப்புக்கொள்வார்கள்?

பதில்: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். நாங்கள் டேலி பிரைமுக்கு மாறினோம். முதல் பக்கத்தில் மென்பொருளின் அருமை பெருமைகளை எழுதாதீர்கள், எம்.டி. படிக்க மாட்டார். ஏற்கெனவே கையைவிட்டுப் போகிற ஒரு தொகையை எழுதுங்கள்.

நான் எழுதியது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு பற்றி. சிறு, குறு உற்பத்தியாளர்களிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால், அந்தச் செலவு அந்த ஆண்டுக் கணக்கில் கழியாது. 2023-24 கணக்காண்டிலிருந்து இதுதான் நடைமுறை. 20 லட்சம் அப்படி நின்றால், 25 சதவீத விகிதத்தில் ஐந்து லட்சம் வரி கூடுதலாகக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த ஆண்டில் அந்தச் செலவு கழியும் என்றாலும், கையிலிருந்து இப்போதே போய்விடும். எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று எங்கள் எக்செலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. பல பேர் பயன்படுத்தும் கோல்டு உரிமம் அப்போது 67,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். செலவைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

உண்மையான செலவு உரிமத்தில் இல்லை, ஆரம்ப இருப்பை ஏற்றுவதில் இருக்கிறது. முன்மொழிவில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். ஒரு வாடிக்கையாளர் 4,80,000 தர வேண்டும் என்று எக்செலில் இருந்தது. பிரித்துப் பார்த்தால் 1,75,000, 1,40,000, 2,10,000 என்று மூன்று பில், மொத்தம் 5,25,000. மீதி 45,000, ரிஜெக்‌ஷன் என்று அவர்கள் பிடித்துக்கொண்ட பணம். அதற்கு கிரெடிட் நோட்டு போடவே இல்லை. இப்படி பில் பில்லாகப் பிரிக்காமல் 4,80,000-ஐ ஒரே வரியாக ஏற்றினால் எல்லாம் ஏப்ரல் 1-ல் பிறந்த பாக்கியாகத் தெரியும். சப்ளையர் பக்கமும் அதே கதைதான். நீங்கள் எதைக் காட்டி ஒப்புதல் வாங்கினீர்களோ, அந்த வயதுக் கணக்கே பொய்யாகிவிடும். லெட்ஜரில் `Maintain balances bill-by-bill` என்பதை `Yes` என்று வைத்து, பழைய பில்களை அவற்றின் சொந்தத் தேதியிலேயே போட வேண்டும். இதற்கு ஓவர்டைம் ஆகும், அதையும் செலவில் எழுதுங்கள். ஏப்ரல் 1-ல் தொடங்குவதாக இருந்தால் இந்த வேலை ஜனவரியிலேயே ஆரம்பமாக வேண்டும், மார்ச்சில் ஒருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

பயிற்சிக்கு, டீலர் வந்து எல்லா மெனுவையும் ஒரே நாளில் காட்டிவிட்டுப் போவார். அதில் ஒன்றும் நிற்காது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பழக்கம்தான்: பணம் வந்தால் `Agst Ref` கொடுத்து எந்த பில்லுக்கு என்று தேர்வு செய்வது. அவசரத்தில் எல்லோரும் `On Account` போட்டுவிட்டு நகர்வார்கள். வசூலான பில்கூட பாக்கியாகவே நிற்கும். வாரக் கடைசியில் நிலுவை அறிக்கையைத் திறந்து `On Account` தொகை ஏறுகிறதா என்று பார்த்தால் போதும், யாருக்கு மறுபடி சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எதிர்ப்பு எங்கள் மூத்த கணக்காளரிடமிருந்து வந்தது. "தம்பி, கம்ப்யூட்டர் எனக்குப் புதுசில்லீங்க. ஆனா ஒவ்வொரு திருத்தமும் என் பேர்ல பதிவாகும்னு சொல்றீங்களே, அதுதான் யோசனையா இருக்கு" என்றார். பயம் நியாயமானது. ஆனால் கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் கம்பெனிகளுக்கு, நிறுத்திவைக்க முடியாத திருத்தப் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம், ஆடிட்டரும் அதைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். அதைச் சொன்னதோடு, திருத்தம் என்றால் தவறு என்று அர்த்தமில்லை, காரணத்தை விவரத்தில் எழுதினால் போதும் என்று எம்.டி.யையே அவரிடம் சொல்லச் சொன்னேன். ஆரம்ப இருப்பைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவருக்கே போனது. அந்த 45,000-ஐக் கண்டுபிடித்தவர் அவர்தான், வேறு யாருக்கும் அந்தக் கதை தெரியாது.

ஸ்டோர்ஸ் ஆள் விஷயம் வேறு. சரக்கு வரவைப் பதிவது அவருக்குக் கூடுதல் வேலை, லாபம் ஒன்றுமில்லை. "இது உங்களுக்கும் நல்லது" என்று பேசிப் பயனில்லை. அவருடைய கையெழுத்துப் பதிவேட்டை நிறுத்த எம்.டி.யிடம் அனுமதி வாங்கினோம், முணுமுணுப்பு அடங்கியது.

எக்செலும் டேலியும் சேர்ந்து ஓடுவது ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். நீண்டால் எக்செலில் முதலில் போட்டுவிட்டு, டேலியில் சாவகாசமாக நகலெடுப்பார்கள். ஏப்ரல் மாத டிரையல் பேலன்சும் ஜிஎஸ்டிஆர்-3பி தொகையும் இரண்டிலும் ஒத்துப்போனதும் எக்செல் கோப்பை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். பூட்டும் தேதியை முன்மொழிவிலேயே எழுதி, அதன் கீழ் எம்.டி.யிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.