ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறியதும் நியூக்ளியஸ் நீலமாகவில்லை, ஏன்?

கேள்வி: கடலூரில் சின்ன லேப். போர் தண்ணீரில் உப்புக்கறை படிகிறது என்று ஆர்.ஓ.வுக்கு மாறினோம். அதிலிருந்து எச் அண்ட் ஈ ஸ்லைடில் நியூக்ளியஸ் செம்பழுப்பாக நிற்கிறது. ஹாரிஸ் ஹெமடாக்சிலின் கெட்டுவிட்டதா?

பதில்: சந்தேகத்தைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள், பாட்டிலை அப்புறம் பார்க்கலாம்.

உண்மையில் சாயம் ஏற்றுவது ஹெமடாக்சிலின் அல்ல, அது ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் ஹெமட்டீன். படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு சேர்ந்ததும் அதற்கு நேர்மின்சுமை வந்துவிடும், டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டோ எதிர்மின்சுமை கொண்டது. அப்படித்தான் நியூக்ளியஸில் ஒட்டுகிறது. ஆனால் ஹாரிஸ் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, போதாததற்கு ஆசிட் ஆல்கஹாலிலும் முக்கி எடுக்கிறோம். அமிலத்தில் இந்தச் சாயம் செம்ஊதா, காரத்தில்தான் நீலம். லிட்மஸ் தாள் மாதிரியே. போர் தண்ணீரில் இருந்த பைகார்பனேட்தான் இத்தனை நாள் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. ஆர்.ஓ. சவ்வு அதை வடிகட்டிவிடுகிறது, கரைந்த கார்பன் டைஆக்சைடை விட்டுவிடுகிறது. அதனால் வரும் தண்ணீரின் பி.எச். 7-க்குக் கீழேதான் இருக்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, பழைய போர் தண்ணீரை ஒரு பீக்கரில் பிடித்து ஹாரிஸ் சில சொட்டு விடுங்கள். உடனே நீலஊதாவானால் சாயம் நல்லது. செம்பழுப்பாகவே நின்றால் அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது, மாற்றுங்கள்.

சாயம் நல்லதென்றால் ஸ்காட் கரைசல் போதும்: 1 லிட்டர் தண்ணீரில் சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 20 கிராம். ஆசிட் ஆல்கஹாலுக்குப் பிறகு ஸ்லைடைக் கழுவி, இதில் ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். அம்மோனியா தண்ணீரும் வேலை செய்யும், ஆனால் செக்ஷன் கழன்று மிதக்க வாய்ப்பு அதிகம். எனக்கு ஸ்காட்தான் பிடிக்கும்.

இங்கேதான் அடுத்த பிழை முளைக்கும். நியூக்ளியஸ் நீலமாகிவிடும், ஈயோசின் வெளுத்துப்போகும். ஸ்லைடோடு ஒட்டிவந்த காரம் ஈயோசின் ஜாடிக்குள் போய் பி.எச்.சை உயர்த்துவதுதான் காரணம். ஈயோசின் எதிர்மின்சுமை உள்ள சாயம். புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்சுமையோடு இருந்தால்தான் பிடிக்கும். 4.6-லிருந்து 5-க்குள் வைத்திருங்கள். ஏறியிருந்தால் அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். தாளில் பாருங்கள். அதைவிட, ஸ்காட்டுக்குப் பின் சில நிமிடம் நன்றாக அலசுவதே மேல். இந்த அலசலுக்கு உங்கள் ஆர்.ஓ. தண்ணீரே தாராளம்.

ஏற்கெனவே மவுண்ட் செய்த ஸ்லைடுகளைத் தூக்கிப்போட வேண்டாம். சைலீனில் ஊறவைத்துக் கவர்ஸ்லிப்பைக் கழற்றி, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்கு இறக்கி, ஸ்காட்டில் வைத்து அலசி, மறுபடி ஈயோசின் போடுங்கள். எலும்புத் துண்டு மட்டும் விதிவிலக்கு: டீகால்சிஃபிகேஷன் அமிலத்தில் அதிக நேரம் கிடந்திருந்தால் டி.என்.ஏ.வே சிதைந்திருக்கும், எந்தக் காரமும் அந்த நியூக்ளியஸை நீலமாக்காது.