ஊசி போட்ட இடத்தில் கட்டி: ஏன் காலில் போடுகிறார்கள்?

"டாக்டர், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்டு ஐந்து வாரம் ஆகிறது. வலது பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே கொண்டைக்கடலை அளவு கட்டி இருக்கிறது. முன்பெல்லாம் பிடரியில்தானே போடுவார்கள்? இப்போது ஏன் காலில்? கட்டியை வெட்டி எடுத்துவிடலாமா?"

இப்போதைக்கு வெட்ட வேண்டாம். தடுப்பூசி போட்ட இடத்தில் உடல் எதிர்ப்புக் காட்டும்போது இப்படிச் சின்னக் கட்டி வருவது சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். ஆனால் பூனைகளில் மிக அரிதாக அந்த அழற்சி அடங்காமல் போய், சார்கோமா என்ற புற்றுநோயாக மாறுவதுண்டு. பத்தாயிரம் பூனைகளில் ஒன்றுக்கு வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இதைப் பிரித்தறிய மூன்று அளவுகோல் வைத்திருக்கிறோம். ஊசி போட்டு மூன்று மாதம் ஆகியும் கட்டி இருந்தால், எப்போதானாலும் இரண்டு செ.மீ.-ஐத் தாண்டினால், ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனால், இவற்றில் ஒன்று இருந்தாலே திசுப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் பூனை ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. அதனால் இனி வளர்கிறதா என்பதுதான் கேள்வி. கைக்குத் தோன்றுவதை நம்பாதீர்கள். வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்து நீள அகலம் அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். இன்று ஒரு செ.மீ. இருந்தது இரண்டு வாரத்தில் ஒன்றரை ஆனால், மூன்று மாதம் வரை காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

பரிசோதனைக்கு ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் எடுப்போம். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில செல்களை வைத்து முடிவு சொல்வது கடினம். கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடுவது அதைவிட மோசம். இந்தச் சார்கோமா கண்ணுக்குத் தெரியாத வேர்களைச் சுற்றுத் திசுக்களில் விட்டிருக்கும்; அரைகுறையாக எடுத்தால் திரும்ப வரும், அடுத்த அறுவை இன்னும் சிக்கலாகும்.

காலில் போடும் காரணமும் இங்கேதான் இருக்கிறது. சரியாக எடுக்க வேண்டுமானால் சுற்றிலும் ஐந்து செ.மீ. வரை நல்ல திசுவையும், அடியில் இரண்டு தசையுறை அடுக்குகளையும் சேர்த்து எடுக்கிறோம். பிடரியில் அதற்கு இடமேது? தோள்பட்டை எலும்பு, முதுகெலும்பின் முனைகள் வரை கை வைக்க வேண்டிவரும். காலின் கீழ்ப்பகுதி என்றால் காலையே எடுத்து உயிரைக் காப்பாற்றலாம். கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று காலோடு பூனைகள் நன்றாகவே ஓடியாடும். தொடையின் மேல்பகுதியில் போட்டால் இந்த வசதி பாதி போய்விடும். வாலில் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வலது பின்னங்கால் என்பது ரேபிஸ் ஊசிக்கென்று வழக்கமாக ஒதுக்கிய இடம். பூனை லுகேமியா ஊசி இடது பின்னங்காலில், மற்றது முன்னங்காலில். கட்டி வந்தால் எந்த ஊசியால் என்று உடனே தெரியும்.

இதற்குப் பயந்து ரேபிஸ் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். குவாசுலு-நடாலில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பூனைக்கு அது சட்டப்படி கட்டாயம். அடுத்த தடவை போகும்போது மட்டும் இந்தக் கட்டியைப் பற்றிச் சொல்லி, ஊசியின் பெயர், தொகுதி எண்ணோடு எந்தக் காலில் போட்டார்கள் என்பதையும் அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.