காய் விழுகிறது, கொண்டுபோக ஆளில்லை

காடு துண்டானாலும் மரம் சாகவில்லையே. பறவை போனால் அப்படி என்ன மாறும்?

உடனே எதுவும் தெரியாது. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் இருக்கும் ஜுசாரா பனையைப் பாருங்கள். பழத்துக்கு ஒரே விதை. பறவை முழுதாக விழுங்கினால்தான் அது தாய்மரத்தை விட்டுத் தூரம் போகும். டூக்கானுக்கு வாய் பெரிது; பெரிய விதையும் உள்ளே போய்விடும். பூங்குருவிகளுக்கு 12 மி.மீ. தாண்டினால் கஷ்டம். காபிக்கும் கரும்புக்கும் வெட்டித் துண்டாக்கிய பல இடங்களில் டூக்கான் போய்விட்டது, பூங்குருவி மட்டும் மிச்சம். 22 இடங்களில் விதைகளை அளந்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. பெரிய பறவை இல்லாத துண்டுகளில் 12 மி.மீ.க்கு மேற்பட்ட விதை ஏறக்குறைய காணவே இல்லை. நூறாண்டுக்குள் இந்த மாற்றம் நடந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. சிறிய விதைதான் முளைக்கிறதே என்பீர்கள். அது சீக்கிரம் காய்ந்துவிடும். மழை பொய்த்தால் முதலில் போவது அதுதான்.

நான் சுற்றும் காட்டில் மரமெல்லாம் நன்றாகப் பூக்கிறது. சிக்கல் இல்லைதானே?

பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள், தரையைப் பாருங்கள். சதை கழியாத விதைகள் மரத்தடியிலேயே குவிந்து கிடந்து, கன்றுகளும் அங்கேயே நெருக்கியடித்து நின்று, தள்ளிப்போனால் ஒன்றுமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஒரு மரத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

டோடோ பறவை அழிந்ததால் மொரிஷியஸில் டம்பலகோக் மரமும் முளைக்காமல் போனதே, அதை ஏன் விட்டீர்கள்?

வேண்டுமென்றேதான். 1977-ல் டெம்பிள் என்பவர் அந்த விதைகளை வான்கோழிக்கு ஊட்டினார். வெளிவந்தவற்றில் மூன்று முளைத்தன. ஊட்டாத விதைகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. டோடோ போன பிறகு பிறந்த மரங்களும் இருக்கின்றன, பறவை வயிற்றுக்குள் போகாத விதையும் முளைக்கிறது.

அப்படியானால் டோடோவுக்கும் அந்த மரத்துக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

இல்லை ஐயா. பழத்தைத் தின்று விதையைப் பரப்பியிருக்கலாம். முளைக்க டோடோ கட்டாயம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

எங்கள் வீட்டு எலுமிச்சையில் பூ கொட்டுகிறது. தேனீ இல்லாததாலா?

தோட்டக்கலைக்காரரிடம் கேளுங்கள். இங்கே பேச்சு காட்டைப் பற்றி.

துண்டான காட்டில் பூச்சி குறையும், காயே பிடிக்காது. சரிதானே?

பாதி சரி. அமேசானில் மேய்ச்சல் நிலத்தில் தனித்து நின்ற டினிசியா மரங்களுக்கு, வெளியிலிருந்து வந்து பரவிய ஆப்பிரிக்கத் தேனீக்கள் மகரந்தம் கொண்டுபோயின, 3 கிலோமீட்டருக்கும் மேலே. தொடர்காட்டு மரங்களைவிட அங்கே விதை மும்மடங்கு.  எண்ணிக்கை கூடியது, மரபுக் கலப்பும் குறையவில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்கு இது என்ன செய்யும் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை.

ஐயா, பூ இருக்கிறதே, அப்புறம் என்ன?

இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு வாருங்கள். தரை!