கோபம் பலகையில் இருக்கட்டும்

கேள்வி: சதுரங்கத்தில் அபாரத் திறமை கொண்ட ஒரு சிறுமி பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை வளரும் கதையை நாவலாக எழுதி வருகிறேன். அவளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்தான் அவளை மிகக் கடுமையாக விமர்சிப்பவரும். எழுத எழுத அவர் வெறும் கொடுமைக்காரராகிவிடுகிறார். கடைசியில் அவர் மனம் மாறிக் கண்கலங்குவதாக எழுதினால் சினிமாத்தனமாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்? முதல் இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஆசிரியர் "கவனமில்லை", "சோம்பேறி", "உனக்கெல்லாம் எதற்கு இந்த ஆட்டம்" என்று திட்டிக்கொண்டே இருக்கிறார். எந்த நகர்த்தலுக்காகத் திட்டுகிறார் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. கோபத்துக்குப் பலகையில் ஒரு கட்டம் வேண்டும். அது கிடைக்காதவரை அவர் கொடுமைக்காரராகத்தான் தெரிவார்.

நல்ல பயிற்சியாளர் போட்டி முடிந்ததும் முதலில் ஸ்கோர் ஷீட்டைக் கேட்பார். கணினியைத் திறக்காமல், இந்த நகர்த்தலுக்கு முன் என்ன யோசித்தாய், எதிராளி என்ன செய்வான் என்று நினைத்தாய் என்று மாணவியையே பேசவிடுவார். மாணவி ஜெயித்த ஆட்டத்தில்தான் அவர் கூடுதலாகக் கடுமை காட்டுவார், ஏனென்றால் தோற்றவள் தவற்றைத் தானே தேடுவாள். ஜெயித்தவளோ டிரா செய்தவளோ தேடமாட்டாள்.

உங்கள் கதைக்குப் பொருந்தக்கூடிய ஒரு நிலையைச் சொல்கிறேன், பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா d5, யானை h7, சிப்பாய் e5. உங்கள் சிறுமி கருப்பு: ராஜா e8, யானை b1, ஆட வேண்டியது அவள். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்டக்காரரும் இசையமைப்பாளருமான பிலிடோர் விளக்கிய தற்காப்பு இங்கே சுலபமாக டிரா தரும். யானையை b6-க்குக் கொண்டுபோய் ஆறாவது வரிசையை அடைத்துவிட்டால் வெள்ளை ராஜா முன்னேற முடியாது. சிப்பாய் e6-க்கு வந்ததும் யானையைக் கீழே இறக்கிப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்கலாம், ஏனென்றால் ராஜா ஒளிந்துகொள்ள அப்போது சிப்பாயின் நிழல் இருக்காது.

அவளோ பதற்றத்தில் யானையை e1-க்கு, சிப்பாயின் பின்னால் வைத்துவிடுகிறாள். வெள்ளை ராஜா e6-க்கு வந்து, யானை h8-இல் மேட் என்று மிரட்டுகிறது. அவள் ராஜாவை d8-க்கு ஓட்டுகிறாள். இது தோற்கும் நிலை. ஆனால் நேர நெருக்கடியில் எதிராளி தடுமாற, ஆட்டம் டிராவில் முடிகிறது. அரைப் புள்ளி கிடைத்த மகிழ்ச்சியோடு வருபவளிடம் ஆசிரியர், "யானையை e1-இல் வைத்த இடத்திலேயே நீ தோற்றுவிட்டாய், இந்த அரைப் புள்ளி உன்னுடையது அல்ல" என்கிறார். முறையான, நியாயமான கடுமை இது. பெயர் சொல்லித் திட்டவில்லை, திறமையையும் எடைபோடவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இருக்கிறது, உங்கள் நாவலின் திருப்பத்தை நான் வைப்பது அங்கேதான். யானை e1-இல் இருந்தும் ஆட்டம் தோற்றுவிடவில்லை. ராஜாவை d8-க்கு அல்லாமல் f8-க்கு நகர்த்தியிருந்தால் டிராதான். e சிப்பாய்க்கு வலப்புறம் மூன்று கோடுகளும் இடப்புறம் நான்கு கோடுகளும் உள்ளன. தற்காக்கும் ராஜா குறுகிய பக்கத்துக்குப் போக வேண்டும். அப்போதுதான் நீண்ட பக்கம் யானைக்குக் காலியாகி, தூரத்திலிருந்து பக்கவாட்டில் செக் வைக்க இடம் கிடைக்கும். d8-க்குப் போன ராஜா அந்த இடத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. பத்து வயதில் இது அவளுக்குத் தெரியாது. பதினான்கு வயதில், பழைய நோட்டைப் புரட்டும்போது அவளே கண்டுபிடிக்கட்டும். அப்போது அவள் ஆசிரியரிடம் போய், தவறு e1 அல்ல, d8 என்று பலகையில் காட்ட வேண்டும். அழுகையும் மன்னிப்பும் வேண்டாம். "சரி, நான் வெள்ளை, f8-இலிருந்து காப்பாற்றிக் காட்டு" என்று அவர் காய்களை அடுக்கினால் போதும்.

ஆசிரியரின் இன்னொரு வகைத் தவறு, நகர்த்தலை விட்டுவிட்டு மாணவரின் எதிர்காலத்தைத் தீர்ப்பிடுவது. சோவியத் சாம்பியன் போட்வின்னிக், மாணவர்கள் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே கறாராக அலசி எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவரே சிறுவனாகத் தம்மிடம் வந்த கார்போவுக்கு ஆட்டமே புரியவில்லை, இந்தத் துறையில் எதிர்காலமும் இல்லை என்று கருதியதாகச் சொல்வார்கள். கார்போவ் 1975-இல் உலக சாம்பியன் ஆனார். உங்கள் ஆசிரியர் ஒரே ஒரு முறை, அதுவும் நடுப்பகுதியில், இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். மீதி இடங்களில் அவர் வாயில் கட்டங்களின் பெயர்கள் இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், நாவலில் வரும் ஒவ்வொரு நிலையையும் ரேட்டிங் உள்ள ஆட்டக்காரர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் சதுரங்க வாசகர்கள் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்கள்.