மீன் எதன் குறியீடு?

“மும்பையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருவர் வாசித்த சர்ரியலிசக் கவிதை: ‘செத்துப்போன ஆச்சி தாதரில் டிக்கெட் கேட்கிறாள் / ரயிலிலிருந்து மீன்கள் இறங்குகின்றன / கடைசி மீனின் வாயில் என் வீட்டுச் சாவி.’ இதில் மீன் எதைக் குறிக்கிறது?”

எதையும் குறிக்க வேண்டியதில்லை. மீனுக்கு ஓர் அர்த்தம் ஒட்டிவிட்டால் கவிதை அங்கேயே நின்றுவிடும். முதலில் யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஆச்சி டிக்கெட் கேட்கிறாள், பயணிகள் இறங்க வேண்டிய இடத்தில் மீன்கள் இறங்குகின்றன. சர்ரியலிசம் கனவின் போக்கில் எழுதுவது. கனவிலும் இப்படித்தான், ஒருவர் செய்ய வேண்டியதை வேறொன்று செய்யும், ஆனால் காட்சியின் உணர்ச்சி மாறாது. இங்கே அந்த உணர்ச்சி, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவரின் பதற்றம். செத்தவள் எப்படி வந்தாள் என்று யாருமே கேட்கவில்லை, கவனித்தீர்களா? கனவுக்குள் இருப்பவருக்கு அது வியப்பே இல்லை.

அப்புறம் சாவி. வீட்டுக்குப் போகும் வழி, கையில்லாத, பேச முடியாத, பிடித்தால் நழுவுகிற ஒன்றிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆச்சி இல்லாத வீட்டுக்கு இனி எப்படித் திரும்புவது என்ற தவிப்பாக நான் இதை வாசிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி உணரலாம், சரி, ஆனால் அது இந்த வரிகளிலிருந்தே வர வேண்டும்.

தொலைதூரத்தில் இருக்கும் இரண்டு பொருள்கள் மோதும்போது படிமம் பிறக்கிறது என்ற கருத்தை சர்ரியலிசத்தைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெதோன் தன் 1924 சர்ரியலிச அறிக்கையில் எடுத்தாண்டார். எல்லா மோதலும் பலிக்காது. மீனை எடுத்துவிட்டுப் பூனையை வைத்துப் பாருங்கள். பூனை நழுவாது, கத்தும், அந்தத் தவிப்பு போய்விடும். எதை மாற்றி வைத்தாலும் ஒன்றும் குறையவில்லை என்றால், அது வெறும் விசித்திரம்.